இரண்டு பேருக்கும் மற்றவன்தான் செல்லப்பிள்ளை

கேள்வி: சேலம் செவ்வாய்ப்பேட்டையில் கொலுசுப் பட்டறை வைத்திருக்கும் குடும்பத்தை வைத்து நாவல் எழுதுகிறேன். அண்ணன் சண்முகம், அடுத்து செல்வி, பிறகு தம்பி குமரவேல், கடைசி மல்லிகா. 1994இல் அப்பா இறக்கிறார், 1996இல் பாகம் பிரிக்கிறார்கள். 140 பக்கம் ஆகிவிட்டது. சண்டை நிறைய வருகிறது, கதை மட்டும் நகர மாட்டேன் என்கிறது. குமரவேல் வில்லன் மாதிரி ஆகிவிட்டான். எங்கே தப்பு செய்கிறேன்?

பதில்:

குமரவேலுக்கு இருப்பதாக நீங்கள் சொல்வது வயிற்றெரிச்சல். அண்ணனிடம் இருப்பது தனக்கு வேண்டும் என்கிறான். வயிற்றெரிச்சலுக்கு இரண்டு பேர் போதும். பக்கத்துப் பட்டறைக்காரன் மேலும் அது வரும். கூடப் பிறந்தவர்களுக்குள் வரும் பொறாமைக்கு மூன்றாவதாக ஒருவர் கட்டாயம் வேண்டும். அம்மாவோ அப்பாவோ யாரைப் பார்த்தார்கள், யாரைப் பார்க்காமல் விட்டார்கள் என்பதுதான் அதன் வேர். உங்கள் நாவலில் அப்பா முதல் அத்தியாயத்திலேயே செத்துப்போகிறார், அதன்பின் அவர் நினைவில்கூட அதிகம் வருவதில்லை. மூன்றாவது கால் முறிந்ததால் முக்காலி ஆடுகிறது. மீதி எல்லாக் கோளாறும் இதிலிருந்து கிளைத்ததுதான்.

பொறாமை என்ற சொல்லைப் பிரித்துப் பாருங்கள், பொறுக்க மாட்டாமை. எதைப் பொறுக்க முடியவில்லை என்பதுதான் நாவலாசிரியர் கண்டுபிடிக்க வேண்டியது. "சொத்தை" என்று பதில் எழுதினால் கதை பத்திர ஆபீசில் முடிந்துவிடும். சொத்துக்கு விலை உண்டு, விலை உள்ளதை எல்லாம் பேசித் தீர்க்கலாம். அப்பாவின் பார்வைக்கு விலை கிடையாது, அவர் போனபின் அதைத் திருப்பித் தர ஆளும் இல்லை. பட்டறை, வீடு, தராசு எல்லாம் அந்தப் பார்வைக்குப் பதிலாக நிற்கும் பொருள்கள்.

தம்பி வில்லனாகாமல் இருக்க ஒரே ஒரு மாற்றம் போதும். இரண்டு பேருமே, மற்றவன்தான் அப்பாவுக்குச் செல்லம் என்று மனதார நம்ப வேண்டும். இப்போது நீங்கள் எழுதியிருப்பதில் சண்முகம் செல்லப்பிள்ளை, குமரவேல் ஒதுக்கப்பட்டவன். வாசகருக்குப் பத்தாம் பக்கத்திலேயே தீர்ப்பு தெரிந்துவிடுகிறது. இருவரிடமும் ஆதாரத்தோடு ஒரு வழக்கு இருந்தால் 300 பக்கமானாலும் தீர்ப்புச் சொல்ல முடியாது.

இதற்கு ஒரே சம்பவம் இரண்டு நினைவாக இருக்க வேண்டும். உங்கள் கையெழுத்துப் படியில் மூன்று வரியில் கடந்துபோகும் ஒன்று இருக்கிறது: 1974 கோடையில் அப்பா குமரவேலை மட்டும் ஏற்காட்டுக்குக் கூட்டிப்போகிறார். சண்முகத்துக்கு 12 வயது, குமரவேலுக்கு 8. அதை எடுத்து நடுவில் வையுங்கள்.

சண்முகத்தின் கணக்கு இப்படி: முகூர்த்த ஆர்டர் இருந்தது, என்னைப் பட்டறையில் உட்கார வைத்துவிட்டு அவனை மட்டும் மலைக்குக் கூட்டிப்போனார். சாயங்காலம் அவன் கையில் காப்பிப் பூ இருந்தது. குமரவேலின் கணக்கு வேறு: மலைப்பாதையில் 20 கொண்டை ஊசி வளைவு, ஐந்தாவது வளைவிலேயே வாந்தி எடுத்தேன், அப்பா வேட்டியெல்லாம் நாசம். "உன் அண்ணனாட்டம் பட்டறையில விட்டுட்டு வர்றதுக்கும் நீ லாயக்கில்ல" என்றார். வழி முழுக்க அண்ணன் பேச்சுதான். காப்பிப் பூ அப்பா பறித்துக் கொடுத்ததல்ல, அழுகையை நிறுத்த யாரோ எஸ்டேட் வேலைக்காரம்மா கொடுத்தது. (காப்பிச் செடி கோடை மழை விழுந்து சில நாளில் மொத்தமாகப் பூக்கும், சீக்கிரம் வாடிவிடும். பயணத்தை மார்ச் கடைசி, ஏப்ரல் பக்கம் வைத்து, அதற்கு முன்வாரம் ஒரு மழையையும் வைத்துவிடுங்கள். மே கடைசியில் பூ வைத்தால் மலைக்காரர்கள் புத்தகத்தை மூடிவிடுவார்கள்.)

இதில் இருவருமே பொய் சொல்லவில்லை. ஒருவனுக்குப் பயணம் கிடைத்தது, ஒருவனுக்கு நம்பிக்கை கிடைத்தது. கிடைத்ததை இருவருமே கணக்கில் எடுத்துக்கொள்ளவில்லை. தலைப்பிள்ளையை அரியணை பறிபோன ராஜாவாக உளவியலாளர் ஆல்ஃபிரட் அட்லர் பார்த்தார். நம்மூரில் அதற்கு முன்பே "மூத்தது மோழை, இளையது காளை" என்று சொல்லி வைத்துவிட்டார்கள். அந்தப் பழமொழியை அப்பா வாயில் ஒரே ஒரு முறை, விளையாட்டாக, சண்முகத்தின் காதில் விழும்படி வையுங்கள். அவருக்கு அது மறுநாள் மறந்துபோயிருக்க வேண்டும்.

இந்தச் சம்பவத்தை ஒரே இடத்தில் முழுதாகச் சொல்லிவிடாதீர்கள். சண்முகத்தின் கணக்கு முதல் 40 பக்கத்துக்குள் வரட்டும். குமரவேலின் கணக்கு நாவலின் நடுப்பகுதியைத் தாண்டித்தான் வர வேண்டும். அதுவரை வாசகர் சண்முகம் பக்கம் நிற்பார், அங்கே கால் இடறும். மூன்றாவது முறை, கடைசிப் பகுதியில், அம்மா ஒரு வாக்கியம் சொன்னால் போதும். அப்போதுதான் சண்முகத்துக்குக் காய்ச்சல் விட்டிருந்தது, மலைக் குளிர் ஒத்துக்காது என்று தான்தான் அவனை அனுப்பவில்லை என்று அவர் சாதாரணமாகச் சொல்கிறார், கீரை ஆய்ந்துகொண்டே. இருபது வருஷமாகத் தூக்கிச் சுமந்த கணக்கில் அப்பாவின் பங்கே இல்லை. அந்த இடத்தில் யாரும் அழக்கூடாது.

அடுத்தது, சண்டை நிறைய இருந்தும் கதை நகராத காரணம். உங்கள் 62ஆம் பக்கச் சண்டையையும் 118ஆம் பக்கச் சண்டையையும் இடம் மாற்றிப் பாருங்கள். எதுவும் குலையவில்லை, இல்லையா? அதுதான் நோய்க்குறி. இரண்டும் ஒரே உயரத்தில் நடக்கின்றன, இரண்டுக்குப் பிறகும் மறுநாள் காலையில் எல்லோரும் அதே இடத்தில் உட்கார்ந்து அதே காப்பியைக் குடிக்கிறார்கள். ஒவ்வொரு மோதலும் திரும்ப எடுக்க முடியாத எதையாவது செலவழிக்க வேண்டும். பார்ப்பவர்கள் வட்டமும் பெரிதாக வேண்டும்: முதலில் இரண்டு பேருக்குள், பிறகு சொந்தபந்தத்தின் முன்னால், கடைசியில் பத்திரத்தில். உங்கள் கதைக்குள்ளேயே இந்த மூன்றுக்கும் சாமான் இருக்கிறது.

முதலாவது சேதாரம். பட்டறைத் தொழில் உங்களுக்கு நன்றாகத் தெரிந்திருக்கிறது, ஆனால் அதை வெறும் பின்னணியாக விட்டுவிட்டீர்கள். வியாபாரி வெள்ளியை நிறுத்துக் கொடுக்கிறார். உருக்கி, கம்பி இழுத்து, வளையம் கோத்து, பொடி வைத்து ஊதி, முத்து வைத்து, மெருகேற்றித் திருப்பும்போது எடை குறையும். எவ்வளவு குறையலாம் என்று பேசிவைத்த அளவுதான் சேதாரம். அதற்கு மேல் குறைந்தால் பட்டறை பதில் சொல்ல வேண்டும். உறவில் இருக்கும் நம்பிக்கையை கிராமில் நிறுக்கிற தொழில் இது. அதை விட்டுவிட்டு நீங்கள் வாய்ச்சண்டை எழுதுகிறீர்கள்.

நாவலுக்குள் கிலோவுக்கு 12 கிராம் என்று ஓர் அளவு வைத்துக்கொள்ளுங்கள். ஒரு வாரம் குமரவேல் செய்த ஒரு கிலோ சரக்கில் 19 கிராம் குறைகிறது. இப்போது உங்கள் படியில் இருப்பது: "7 கிராம் எங்கடா என்று அண்ணன் கத்தினான். தம்பியின் மனதில் பொறாமைத் தீ கொழுந்துவிட்டு எரிந்தது." இதைக் கீழே உள்ளது போல எழுதிப் பாருங்கள்:

சண்முகம் இன்னொரு முறை நிறுத்தான். தட்டைத் துடைத்துவிட்டு மூன்றாவது முறையும் நிறுத்தான். தம்பி வாசலில் சைக்கிளுக்குக் காற்றடித்துக்கொண்டிருந்தான். மேசை இழுப்பைத் திறந்து, மகள் காதுகுத்துக்குச் செய்து வைத்திருந்த கொலுசிலிருந்து ஒரு துண்டைக் கத்தரித்துக் கட்டோடு சேர்த்தான். முள் நேராக நின்றது. நோட்டில் 12 என்று எழுதினான்.

மூன்று மாதம் கழித்து அந்தக் கொலுசைப் பழுது பார்க்க எடுத்த குமரவேல் கண்ணி குறைவதைப் பார்த்தான். விரலால் தடவிக்கொண்டே நோட்டைப் புரட்டினான். வாரம், தேதி, 12. அவன் கணக்குப்படி அந்த வாரம் உருக்கும்போதே மண் கலந்த வெள்ளி. அதை அவன் அன்றைக்கே சொல்ல இருந்தான். யாரும் கேட்கவில்லை.

அண்ணனுக்கு இது தம்பியின் மானத்தைக் காத்த செயல். தம்பிக்கு, என்னைத் திருடன் என்று மனதில் முடிவுகட்டி வாய் திறக்காமல் அபராதம் கட்டியிருக்கிறான் என்ற அவமானம். இருவரும் நியாயம். உதவியைத் திருப்பித் தர முடியாது, மன்னிப்பும் கேட்க முடியாது, ஏனென்றால் எதுவுமே பேசப்படவில்லை. உடன்பிறந்தவர் பொறாமை பெரும்பாலும் இப்படி உதவி வேஷத்தில்தான் வரும்: கேட்காமல் பீஸ் கட்டுவது, கேட்காமல் ஆர்டர் பிடித்துத் தருவது, சபையில் "தம்பிக்கு என்ன தெரியும், நான் பார்த்துக்கிறேன்" என்பது. தாக்குதலாக எழுதும்போது ஆள் வில்லனாகிறான், உதவியாக எழுதும்போது மனிதனாக இருக்கிறான். கூடவே இன்னொன்றையும் கவனியுங்கள், மேலே உள்ள இரண்டு பத்தியிலும் பொறாமை என்ற சொல் இல்லை. முழு நாவலிலும் அந்தச் சொல்லை ஆசிரியர் குரலில் ஒரு முறைகூட எழுத மாட்டேன் என்று வைத்துக்கொள்ளுங்கள். பாத்திரங்கள் சொல்லலாம். அவர்களும் அடுத்தவரைப் பற்றித்தான் சொல்வார்கள்.

இரண்டாவது, மாமன் மடி. செல்வியின் குழந்தைக்குக் காதுகுத்து. தாய்மாமன் மடியில் உட்கார வைத்துத்தான் குத்த வேண்டும். மாமன் இரண்டு பேர், மடி ஒன்று. பங்கு போட முடியாத பொருளைத் தேடி நீங்கள் எங்கும் போக வேண்டாம், நம் சடங்கே செய்து தந்திருக்கிறது. வழக்கப்படி மூத்தவர் மடிதான். ஆனால் செல்விக்குக் கஷ்டம் வந்தபோது ஓடி வந்தவன் குமரவேல், குழந்தையும் அவனிடம்தான் ஒட்டும். ஆசாரி ஊசியோடு காத்திருக்கிறார், குழந்தை மூத்த மாமன் மடியிலிருந்து கையை நீட்டிச் சின்ன மாமனை நோக்கிக் கத்துகிறது. குமரவேல் இரண்டடி முன்னால் வந்து நிற்கிறான். அந்த இரண்டடியைச் சொந்தக்காரர்கள் அத்தனை பேரும் பார்க்கிறார்கள். சண்முகம் குழந்தையைத் தூக்கிக் கொடுத்துவிடுகிறான், சிரித்துக்கொண்டே. சீர்த்தட்டு மட்டும் அவன் பெயரில் இருக்கிறது. இதை ஆடி மாதத்தில், குகை மாரியம்மன் திருவிழாவின் வண்டி வேடிக்கைக்கு ஊரே கூடியிருக்கும் நாட்களை ஒட்டி வைத்தால், வெளியூர்ச் சொந்தமும் வீட்டில் இருப்பதற்குக் காரணம் தேட வேண்டியதில்லை. சேதார விஷயம் இரண்டு பேருக்குள் இருந்தது. மடி விஷயம் இருபது வீட்டில் பேசப்படும்.

மூன்றாவதுதான் கையெழுத்து, இங்கேதான் நீங்கள் பெரிய வாய்ப்பைக் கோட்டைவிட்டிருக்கிறீர்கள். அக்கா தங்கை இருவரும் உங்கள் கதையில் சீர் வாங்கவும் சமாதானம் பேசவும் மட்டும் வருகிறார்கள். செல்விக்கு 1987இல் கல்யாணம், மல்லிகாவுக்கு 1989 செப்டம்பரில் என்று எழுதியிருக்கிறீர்கள். இந்த இரண்டு தேதிக்கும் நடுவில் ஒரு சட்டம் இருக்கிறது. இந்து வாரிசுரிமைச் சட்டத்தில் தமிழ்நாடு கொண்டுவந்த திருத்தம் 1989 மார்ச் 25இல் நடைமுறைக்கு வந்தது. பூர்வீகச் சொத்தில் மகளுக்கும் மகனைப் போலவே பிறப்புரிமை உண்டு என்றது, ஆனால் அந்தத் தேதிக்கு முன் கல்யாணமான மகளுக்கு இல்லை என்றது. ஒரே வயிற்றில் பிறந்த இரண்டு பெண்களை ஒரு தேதி பிரிக்கிறது.

உங்கள் குடும்பத்துக்கே கணக்குப் போடலாம். பட்டறையும் வீடும் தாத்தா வழி வந்தவை, அப்பா உயில் எழுதவில்லை, அதற்கு முன் பாகம் பிரியவில்லை என்று வைத்துக்கொள்வோம். அப்பா, சண்முகம், குமரவேல், மல்லிகா என நான்கு பேருக்குக் கால் கால் பங்கு. அப்பாவின் கால் பங்கு அவர் இறந்ததும் அம்மா, நான்கு பிள்ளைகள் என ஐந்தாகப் பிரியும். இருபது பங்காகப் பார்த்தால் இரண்டு ஆண்களுக்கும் மல்லிகாவுக்கும் ஆறு ஆறு, அம்மாவுக்கு ஒன்று, செல்விக்கு ஒன்று. தங்கைக்கு ஆறு, அக்காவுக்கு ஒன்று. செல்வியின் கல்யாணத்தை அவசரப்படுத்தியது யார்? பட்டறையில் கடன் ஏறுவதற்குள் முடித்துவிடலாம் என்று சண்முகம் சொன்னான் என்று உங்கள் 30ஆம் பக்கத்தில் நீங்களே எழுதியிருக்கிறீர்கள். அந்த வரி 1987இல் அக்கறை, 1996இல் வேறு.

நடைமுறையில் என்ன நடக்கும் என்பதும் தெரிந்ததுதான். அண்ணன் தம்பி இருவரும், எத்தனை பகை இருந்தாலும், அக்கா தங்கையிடம் விடுதலைப் பத்திரத்தில் கையெழுத்து வாங்கும் விஷயத்தில் ஒரே கட்சி ஆகிவிடுவார்கள். நாவலில் அவர்கள் கடைசியாக ஒன்றாகச் சிரிக்கும் இடம் அதுவாக இருக்கட்டும். மல்லிகா சேலையோ சின்னத் தொகையோ வாங்கிக்கொண்டு கையெழுத்துப் போட்டுவிடுவாள் என்று எல்லோரும் நினைக்கிறார்கள். போடாதே என்று தடுப்பவள் செல்வியாக இருக்க வேண்டும். தனக்குக் கிடைக்காததைத் தங்கையாவது விட்டுக்கொடுக்கக்கூடாது என்கிறாளா, அல்லது தங்கைக்கு ஆறு பங்கு என்பதை உரக்கச் சொல்லி அவளை எல்லோருக்கும் எதிரியாக்குகிறாளா? இரண்டுக்கும் இடம் விட்டு எழுதுங்கள். அவளுக்கே தெரியாது.

ஒரு எச்சரிக்கை. கதையின் காலத்தைப் பின்னால் தள்ளினால் இந்தக் கணக்கு நிற்காது. 2005 செப்டம்பர் 9 முதல் மத்தியச் சட்டத் திருத்தம் கல்யாணத் தேதி வித்தியாசத்தை எடுத்துவிட்டது. 2004 டிசம்பர் 20க்கு முன் பதிவான பாகப்பிரிவினையை அது தொடாது. அப்பாவே சம்பாதித்து வாங்கிய சொத்தாக மாற்றினாலும் கணக்கு மாறும், அதில் நான்கு பிள்ளைகளுக்கும் அம்மாவுக்கும் சமபங்கு.

ஓரகத்திகளைப் பற்றி ஒரு சொல். 75ஆம் பக்கத்துக்கு மேல் சண்டையை எல்லாம் மருமகள்கள் தலையில் இறக்கிவைத்திருக்கிறீர்கள். அண்ணன் தம்பி தங்கம், வந்தவள்தான் பிரித்தாள் என்பது சகோதரர்கள் தங்களுக்குத் தாங்களே சொல்லிக்கொள்ளும் ஆறுதல். பாத்திரங்கள் அதை நம்பலாம், நாவல் நம்பக்கூடாது. 1974இல் அந்தப் பெண்கள் அந்த வீட்டிலேயே இல்லை.

இவ்வளவு மனத்தாங்கலோடு ஏன் 1994லேயே பிரியவில்லை என்று வாசகர் கேட்பார். அம்மாவுக்காக என்ற பதில் போதாது. வியாபாரிகள் அப்பாவின் பெயரை நம்பி வெள்ளி கொடுக்கிறார்கள். பிரிந்தால் இருவருக்கும் அந்த நம்பிக்கை பாதியாகாது, ஒன்றுமில்லாமல் போகும். கையில் இருக்கும் வெள்ளிக்குக் கணக்கு முடிக்கும்வரை இருவரும் ஒரே கூரையின் கீழ்தான். பங்காளிக் காய்ச்சலுக்கு இதைவிட நல்ல அடைப்பு கிடையாது. இதை 20ஆம் பக்கத்துக்குள் ஒரு வியாபாரியின் வாயால் சொல்லிவிடுங்கள்.

கடைசியாகப் பாகப்பிரிவினை. நீங்கள் பஞ்சாயத்து, கூச்சல், அரிவாள் என்று திட்டம் வைத்திருக்கிறீர்கள். அரிவாளை எடுத்துவிடுங்கள். பல குடும்பங்களில் ஒரு வழக்கம் உண்டு: மூத்தவர் கூறு பிரிப்பார், இளையவர் முதலில் எடுப்பார். பிரிக்கிறவர் ஏமாற்றாமல் இருக்க வந்த ஏற்பாடு. நாவலுக்கு இது பொன்னான இயந்திரம், ஏனென்றால் பிரிப்பதிலும் எடுப்பதிலும் உள்ளே இருப்பது வெளியே வந்துவிடும்.

சண்முகம் கூர்ச்சீட்டு எழுதுகிறான். முதல் கூறில் பட்டறையும் கம்பி இழுக்கும் மிஷினும். இரண்டாவதில் தெருப்பக்கத்து வீடு, கூடவே அப்பாவின் பழைய தராசு. தராசுக்குச் சந்தையில் விலை இல்லை. தொழில் தெரிந்த தம்பி பட்டறையைத்தான் எடுப்பான், வீட்டோடு தராசு தனக்கு வந்துவிடும் என்பது அவன் கணக்கு. மதிப்பு வீட்டுக்குக் கொஞ்சம் குறையும்படிதான் எழுதியிருக்கிறான், தம்பி நிச்சயம் பட்டறைப் பக்கம் சாய வேண்டும் என்பதற்காக. குமரவேல் சீட்டைப் படிக்கிறான். ஒரு வீட்டுக் கூறில் தராசுக்கு என்ன வேலை என்று யோசிக்கிறான். அண்ணன் எதை விரும்புகிறான் என்று அந்த நொடியில் அவனுக்குத் தெரிந்துவிடுகிறது. இரண்டாவது கூறின் மேல் விரலை வைக்கிறான். தனக்கு நஷ்டம் என்று தெரிந்தே.

இந்த இடத்தில் அவன் மனதுக்குள் போகாதீர்கள். அண்ணனுக்குக் கிடைக்கக்கூடாது என்று எடுத்தானா, அப்பாவின் தராசு தனக்கும் வேண்டும் என்று முதல் முறையாகச் சொல்கிறானா என்பதை வாசகர் முடிவு செய்யட்டும். அப்படி முடிவு செய்ய வாசகருக்குத் தேவையான எல்லாம் சேதார நோட்டிலும் ஏற்காட்டுப் பயணத்திலும் ஏற்கனவே வந்திருக்கும். வரவில்லை என்று பட்டால் முன்னால் போய் அங்கே சேருங்கள், இங்கே விளக்கம் எழுதாதீர்கள்.

பத்திரம் பதிவானபின் ஆஸ்பத்திரி வார்டில் கட்டிப்பிடித்து அழும் அத்தியாயம் ஒன்று வைத்திருப்பதாக எழுதியிருக்கிறீர்கள், அது வேண்டாம். அதற்குப் பதில் அம்மாவை எழுதுங்கள். கூர்ச்சீட்டில் எல்லாப் பொருளுக்கும் பெயர் இருக்கிறது, அவர் மாசம் ஒரு வீடு என்று வாய்ப்பேச்சில் முடிந்திருக்கிறது. முதல் மாசம் முடிந்த காலை, ஒரு துணிப்பையும் மருந்து டப்பாவுமாக அவர் சண்முகம் வீட்டுத் திண்ணையில் உட்கார்ந்திருக்கிறார். கூட்டிப்போகக் குமரவேல் வரவேண்டிய நேரம் தாண்டி அரைமணி ஆகிறது. சண்முகம் சட்டையை மாட்டிக்கொண்டு, பையைத் தூக்கிக்கொண்டு, தெருமுனை வரை அவரை நடத்திக் கூட்டிப்போகிறான். எதிரில் தம்பி சைக்கிளில் வருகிறான். பை கைமாறுகிறது.